எலோ ரேட்டிங் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வடசென்னையில் எட்டு கால்பந்து அணிகளுக்கு நான் எலோ முறையில், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் புள்ளியை ஏற்றி இறக்கும் முறையில், ரேட்டிங் போட்டு வருகிறேன். ஏழு பேர் ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஒரு அணிக்கு வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து ஆட்டம் கிடைத்தால் அதிகம். கணக்கு ஒரு ஷீட்டில் இருக்கிறது. அது கெடும்போதெல்லாம் யாராவது டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கெடுகிற விதம் நாலைந்துதான், அதையே திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். கீழே இருப்பது அந்த அனுபவம்.

எல்லோருக்கும் தொடக்கம் 1500. ரேட்டிங் மாறும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண் K, அதை 32 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கான கணக்கு இவ்வளவுதான்:

```
ea = 1/(1+10**((rb-ra)/400))
d = K*(sa-ea)
ra = ra + d
rb = rb - d
```

`sa` என்பது முதல் அணிக்குக் கிடைத்தது: வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. `ea` என்பது அந்த அணி எடுக்கும் என்று ஆட்டத்துக்கு முன் நாம் எதிர்பார்த்தது.

கோளாறு பார்க்க உட்காரும் முன் ஒரு ஆட்டத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். வியாசர்பாடி 1620, காசிமேடு 1500. இடைவெளி 120. வியாசர்பாடியின் எதிர்பார்ப்பு 0.67 வர வேண்டும். ஜெயித்தால் சுமார் 10.7 புள்ளி ஏறும், டிரா ஆனால் 5.3 இறங்கும், தோற்றால் 21.3 இறங்கும். உங்கள் ஷீட்டில் 0.67-க்குப் பதில் 0.33 வந்தால் `rb-ra` தலைகீழாகப் போயிருக்கிறது. இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். அப்படி ஆனால் பலமான அணி ஒவ்வொரு சப்பை ஆட்டத்திலும் இருபது இருபதாக வாரிக்கொண்டு ராக்கெட் மாதிரி மேலே போகும்.

## "ஆறு கோல் போட்டு ஜெயிச்சும் புள்ளி ஏறல"

"இன்னாண்ணா, ஆறு கோல் போட்டோம், ரெண்டு பாயிண்டுதான் ஏத்தியிருக்க?"

பாதி நேரம் இது கோளாறே இல்லை. இரண்டு அணிக்கும் இடைவெளி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 450 இருந்தால் எதிர்பார்ப்பு 0.93. மீதி 0.07-ஐ 32-ஆல் பெருக்கினால் 2.2. கணக்கு சரி, நீ ஜெயிப்பாய் என்று அது ஏற்கெனவே சொல்லிவிட்டது, தம்பி.

கோல் வித்தியாசத்துக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் K-ஐப் பெருக்கலாம். உலக நாடுகளுக்கான கால்பந்து எலோ பட்டியலில் இரண்டு கோல் வித்தியாசத்துக்கு ஒன்றரை மடங்கு, மூன்றுக்கு 1.75, அதற்கு மேல் ஒவ்வொரு கோலுக்கும் எட்டில் ஒரு பங்கு கூட்டுகிறார்கள். நான் போடுவதில்லை. எங்கள் ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் பாதியில் வேலைக்குக் கிளம்பிவிட்டால்தான் ஆறு கோல் விழுகிறது.

## மொத்தக் கூட்டுத்தொகை 12000-இல் நிற்கவில்லை

எட்டு அணி, ஆளுக்கு 1500. ஒருவர் இழப்பதைத்தான் மற்றவர் எடுக்கிறார் என்பதால் எத்தனை ஆட்டம் ஆனாலும் கூட்டினால் 12000 வர வேண்டும். 11996.4 என்று வந்தால் எங்கோ ஓட்டை.

முதலில் பார்க்க வேண்டியது, புது அணி சேர்ந்ததா, பழைய அணி கலைந்ததா என்பது. 1430-இல் இருந்த அணி போய்விட்டால் அந்த 1430-ம் கூடவே போய்விடும், மீதி ஏழு பேரிடம் 10570 இருக்கும். அது சரிதான். அடுத்து, புது அணிக்கு மட்டும் K-ஐ இரட்டிப்பாக்கியிருக்கிறீர்களா? அப்போது இரண்டு அணிக்கும் வேறு வேறு K, அதனால் ஏறுவதும் இறங்குவதும் சமமாகாது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இதைத் தெரிந்தே செய்கிறது: புதியவருக்கு முதல் 30 ஆட்டம்வரை 40, அப்புறம் 20, 2400-ஐத் தொட்டவருக்கு 10. அந்த வழியில் போனால் 12000 சோதனையை மறந்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் தப்பு பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. முதல் அணியின் ரேட்டிங்கை மாற்றிவிட்டு, மாறிய எண்ணை வைத்து இரண்டாவது அணிக்குக் கணக்குப் போட்டிருப்பீர்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் காசிமேடு ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். வியாசர்பாடி 21.3 இழந்து 1598.7-க்கு வருகிறது. இப்போது அந்த 1598.7-ஐ வைத்துக் காசிமேட்டுக்குக் கணக்குப் போட்டால் அதற்கு 20.4 தான் ஏறும். ஒரே ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு புள்ளி காற்றில் போய்விட்டது. அதனால்தான் மேலே `d`-ஐ ஒரே ஒருமுறை கணக்கிட்டு, ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் கழித்திருக்கிறேன்.

பெனால்டி ஷூட்-அவுட்டில் முடிந்த ஆட்டத்தை எப்படி எழுதினீர்கள் என்றும் பாருங்கள். ஃபிஃபா தன் கணக்கில் ஷூட்-அவுட்டில் ஜெயித்தவருக்கு 0.75, தோற்றவருக்கு 0.5 தருகிறது. கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறது, மொத்தம் ஏறும். நான் இரண்டு பேருக்கும் 0.5 போட்டு டிராவாக எழுதிவிடுகிறேன்.

## வாராவாரம் பட்டியல் புரண்டு போகிறது

இந்த ஞாயிறு முதலிடம், அடுத்த ஞாயிறு நான்காமிடம். யாரும் பட்டியலை நம்ப மாட்டார்கள்.

ஒரே ஆட்டத்தை இரண்டு முறை ஷீட்டில் ஏற்றியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். காசே செலவில்லாத சோதனை. அது இல்லையென்றால் K பெரிதாக இருக்கிறது.

K எவ்வளவு என்பதற்கு நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது. இரண்டு சமமான அணிகளுக்கு அருகே, ஒரு புள்ளி ரேட்டிங் என்பது எதிர்பார்ப்பில் 0.00144. அதை K-ஆல் பெருக்கினால், ஒரு அணியின் ரேட்டிங்கில் இருக்கும் தப்பில் எத்தனை பங்கு ஒரு ஆட்டத்தில் சரியாகும் என்று தெரியும். K 32 என்றால் 4.6 சதவீதம். அப்படியானால் தப்பில் பாதி கரைய 15 ஆட்டம் வேண்டும். K 20 என்றால் 24 ஆட்டம், 10 என்றால் 48, 60 என்றால் 8.

அப்படியானால் 60 தானே நல்லது என்று தோன்றும். அதன் விலை ரேட்டிங்கின் அலைச்சலில் தெரியும். அணியின் உண்மையான பலம் கொஞ்சம்கூட மாறாமல் இருந்தாலும், வெற்றி தோல்வி அதிர்ஷ்டத்தாலேயே ரேட்டிங் மேலும் கீழும் அலையும். அந்த அலைச்சல் K 10-இல் சுமார் 30 புள்ளி, 20-இல் 40, 32-இல் 50, 60-இல் 70. டிரா நிறைய விழுந்தால் கொஞ்சம் குறையும். இரண்டு அணிக்கும் இந்த அலைச்சல் உண்டு என்பதால், இடைவெளி இன்னும் அதிகமாக அலையும்: K 32-இல் 70 புள்ளிக்கு மேல். ஆகவே என் பட்டியலில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 50 புள்ளிதான் வித்தியாசம் என்றால், யார் முதல் என்று சண்டை போட அதில் ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். வருடத்துக்கு இருபது ஆட்டம் என்றால், K 10 வைத்தால் இன்று நடந்த மாற்றத்தில் பாதியைக் காட்டவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பையன்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அணியே வேறு. எங்கள் மாதிரி அணிகளுக்கு 24-இலிருந்து 40-க்குள் ஏதோ ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், பழைய ஆட்டங்களையே ஓட்டுங்கள். முதல் ஆட்டத்திலிருந்து தேதி வரிசையில் K 10, 20, 30, 40, 60 என்று ஐந்து முறை முழுக்க ஓட்டி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ரேட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால் `(sa-ea)**2` எடுத்து எழுதுங்கள். எல்லோரும் 1500-இல் தொடங்கிய முதல் வருடத்தை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். சராசரி எங்கே குறைவோ அந்த K. இந்தக் கோடு பெரும்பாலும் தோசைக்கல் மாதிரி நடுவில் தட்டையாகத்தான் இருக்கும், 28-ஆ 32-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். கூடவே எல்லா ஆட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0.5 போட்டு ஆறாவது முறை ஓட்டுங்கள். உங்கள் எலோ அதைவிடக் குறைவான சராசரி தரவில்லையென்றால், K-இல் பிரச்சினை இல்லை. ஆட்டம் போதவில்லை, அல்லது அணிகள் உண்மையிலேயே சமமாக இருக்கின்றன.

## அணி மாறிவிட்டது, எண் மாறவில்லை

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் காசிமேடு எல்லோரையும் தட்டிக்கொண்டே போகும். ரேட்டிங் மெதுவாக ஏறும். ஜூன் கடைசியில் ரேட்டிங் மேலே இருக்கும்போது தோற்க ஆரம்பிக்கும். இரண்டு வருடம் இது K சின்னதாக இருப்பதால் என்று நினைத்து அதை ஏற்றிக்கொண்டே போனேன்.

காரணத்தை ஒரு பையன்தான் சொன்னான். "தடைக்காலம்ணா. எல்லாரும் கரையில இருக்கோம்ல."

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற மாதங்களில் ஞாயிறு காலையில் பாதிப் பேர் படகில் இருப்பார்கள், வந்தவர்களை வைத்து ஆடுவார்கள். தடைக்காலத்தில்தான் முழு அணி மைதானத்தில் நிற்கும்.

இதை K-ஆல் ஏன் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு அணியின் உண்மை பலம் 1600, பாதி அணியின் பலம் 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 61 நாளில் எட்டோ ஒன்பதோ ஞாயிறு வரும், எட்டு என்றே வைத்துக்கொள்வோம். K 32-இல் ஒரு ஆட்டத்துக்கு 4.6 சதவீதம் என்றால், எட்டு ஆட்டத்தில் நூறு புள்ளி இடைவெளியில் 31 தான் கரைந்திருக்கும். ரேட்டிங் 1531. அதாவது தடைக்காலம் முழுக்க அணியைக் குறைத்துச் சொல்கிறோம், படகு கிளம்பிய பிறகு 31 புள்ளி கூட்டிச் சொல்கிறோம். K-ஐ 60 ஆக்கினால் 51 புள்ளி கரையும். அதுவும் பாதிதான், அதற்காக மீதி ஏழு அணியும் வருடம் முழுக்க எழுபது புள்ளி மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கும்.

சரிசெய்யும் வழி எளிது. காரணம் தெரிந்த மாற்றத்தை ரேட்டிங்குக்குள் ஏற்றக்கூடாது, எதிர்பார்ப்பைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் கூட்ட வேண்டும். தடைக்காலத்தில் காசிமேடு ஆடினால் `ra`-வுக்குப் பதில் `ra+80`. ஷீட்டில் சேமிக்கப்படும் எண்ணில் அந்த 80 ஏறவே கூடாது. எண்பது எங்கிருந்து வந்தது என்றால், K-க்குச் சொன்ன அதே சோதனை. 0, 40, 80, 120 என்று போட்டு எதில் சராசரி குறைகிறது என்று பார்த்தேன்.

சொந்த மைதானச் சலுகையும் இதே இடத்தில்தான் போகும். அதில் மக்கள் செய்யும் தப்பும் ஒன்றே: சலுகையைச் சேமித்த ரேட்டிங்கில் கூட்டிவிடுவார்கள். அப்புறம் சொந்த மைதானத்தில் அதிகம் ஆடும் அணி சும்மாவே மேலே இருக்கும்.

எத்தனை புள்ளி என்று சொல்ல முடியாத மாற்றம் என்றால், உதாரணமாக ஐந்து பேர் ஒரே நாளில் வேறு அணிக்குத் தாவிவிட்டால், அந்த அணிக்கு மட்டும் அடுத்த பத்துப் பதினைந்து ஆட்டத்துக்கு K-ஐ இரட்டிப்பாக்குங்கள். எல்லோருக்கும் ஏற்றாதீர்கள்.

## சதவீதம் சொன்னபடி ஜெயிப்பதில்லை

"அறுபத்தேழு பர்சன்ட்னு சொன்ன, பாதி ஆட்டம்தான ஜெயிச்சாங்க?"

### டிரா நடக்கிற ஆட்டமா?

இந்தப் புகாரில் முக்கால்வாசி இங்கேயே தீரும். `ea` என்பது வெற்றி வாய்ப்பு இல்லை. வெற்றி வாய்ப்பும், டிரா வாய்ப்பில் பாதியும் சேர்ந்த கணக்கு. கேரம் மாதிரி டிராவே இல்லாத ஆட்டத்தில் இரண்டும் ஒன்று. கால்பந்தில் இல்லை.

120 இடைவெளி, `ea` 0.67. உங்கள் பழைய ஆட்டங்களில் நான்கில் ஒன்று டிரா என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி 12.5 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். வெற்றி 54, டிரா 25, தோல்வி 21 என்று வரும். ஆக, பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாக ஜெயித்தால் கணக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஆனால் இந்த 25-ஐ எல்லா ஆட்டத்துக்கும் அப்படியே போட்டால் வேறு கோளாறு வரும். 400 இடைவெளியில் `ea` 0.91. மீதி 0.09-இலிருந்து 0.125-ஐக் கழித்தால் தோல்வி வாய்ப்பு மைனஸில் போகும். எதிரணிக்கு மைனஸ் மூன்று சதவீதம் என்று நான் ஒருமுறை பலகையில் எழுதி ஒட்டியே விட்டேன். டிரா 25 என்றால் 338 புள்ளியைத் தாண்டியதும் இது நடக்கும். இடைவெளி கூடக் கூட டிராவும் குறைய வேண்டும் என்பதால் நான் இப்படிப் போடுகிறேன்:

```
draw = d0*4*ea*(1-ea)
win  = ea - draw/2
loss = 1 - win - draw
```

`d0` என்பது சம பலமான அணிகளுக்குள் டிரா ஆகும் பங்கு. 0.25 என்றால், 120 இடைவெளியில் வெற்றி 55.5, டிரா 22.2, தோல்வி 22.3. 400-இல் 87, 8, 5. `d0` 0.5-ஐத் தாண்டாதவரை மைனஸ் வராது.

### எத்தனை ஆட்டத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?

`ea` 0.60-க்கும் 0.70-க்கும் இடையே இருந்த ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, அதில் உண்மையில் எவ்வளவு எடுத்தார்கள் என்று சராசரி பாருங்கள். ஆட்டம் 25 தான் என்றால், 0.65 வர வேண்டிய இடத்தில் 0.55 வந்தாலும் 0.75 வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நூறு ஆட்டம் சேர்ந்தால் அந்தத் தடுமாற்றம் பாதியாகும். அதுவரை எதையும் மாற்றாதீர்கள்.

### எல்லாக் கட்டத்திலும் கூட்டியே சொல்கிறதா?

போதுமான ஆட்டம் இருந்தும், 0.75 என்று சொன்ன இடத்தில் 0.65, 0.60 என்று சொன்ன இடத்தில் 0.56 என்று ஒரே பக்கமாகத் தப்பினால், இடைவெளிகள் உண்மையைவிட அகலமாக இருக்கின்றன. K பெரிதாக இருந்தால் இது நடக்கும். முதலில் K-ஐக் குறைத்துப் பாருங்கள். குறைக்க மனமில்லையென்றால், சதவீதம் சொல்லும்போது மட்டும் இடைவெளியை ஒன்றுக்குக் குறைவான ஒரு எண்ணால் பெருக்கிச் சுருக்குங்கள். மேலே சொன்ன இரண்டு கட்டத்துக்கும் சுமார் 0.6 பொருந்தும்: 0.75 என்பது 191 புள்ளி, 0.65 என்பது 108 புள்ளி.

இங்கே ஒரு குறுக்குவழியில் பலர் விழுகிறார்கள். ஃபிஃபா 2018-இலிருந்து ஆண்கள் பட்டியலில் 400-க்குப் பதில் 600-ஆல் வகுக்கிறது, நாமும் அப்படியே மாற்றினால் சதவீதம் அடங்கிவிடும் என்று. மாற்றிய அன்று அடங்கும், 120 இடைவெளி 0.67-இலிருந்து 0.61 ஆகும். ஆனால் கணக்குக்குள்ளேயே 600 போட்டால், இடைவெளிகள் மெல்ல ஒன்றரை மடங்கு விரிந்து பழையபடி வந்து நிற்கும். 400 என்பது அடிக்கோல் மாதிரி, அங்குலத்துக்குப் பதில் சென்டிமீட்டர் போட்டால் சுவரின் நீளம் மாறாது. 600-உடன் K 32 வைப்பது, 400-உடன் K 21 வைப்பதற்குச் சமம். உண்மையில் நீங்கள் செய்தது K-ஐக் குறைத்ததுதான்.

## இரண்டு பக்கமும் முதலிடக்காரர் 1650, யார் பெரியவர்?

கடலோரப் பக்கம் திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் ஒரு கூட்டமாக ஆடுகிறார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரம்பூர், கொளத்தூர் ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் 1500-இல் தொடங்கியதால் இரண்டின் சராசரியும் 1500 தான், ஒரு பக்கம் முழுக்கவே பலமாக இருந்தாலும்கூட. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே புள்ளி போவது எதிரெதிரே ஆடும்போது மட்டும்தான். அப்படி எத்தனை ஆட்டம் நடந்தது என்று எண்ணுங்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு என்றால் K-ஐ என்ன செய்தாலும் ஒப்பிட முடியாது. எங்களிடம் ஐந்துகூட இல்லை.

புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் ஷீட்டைக் கொடுக்க வேண்டிய இடம் இது. எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து பிராட்லி-டெர்ரி முறையில் பொருத்தினால், இருக்கும் சில குறுக்கு ஆட்டங்களிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து, எவ்வளவு நிச்சயமில்லை என்பதையும் சேர்த்துத் தருவார்கள். மாதக்கணக்கில் ஆடாமல் திரும்பும் அணிகள் நிறைய இருந்தாலும் அவர்களிடமே போங்கள். ஒவ்வொரு அணிக்கும் நிச்சயமின்மையைத் தனியாக வைத்திருக்கும் கிளிக்கோ மாதிரி முறை அதற்கு வேண்டும், ஷீட்டில் அதைக் கட்டப் பார்த்து நான் ஒரு தீபாவளி விடுமுறையைத் தொலைத்தேன். உங்கள் சதவீதத்தை வைத்து யாராவது பரிசுப் பணத்தைப் பிரிக்கவோ, லீக்கில் யார் மேலே யார் கீழே என்று முடிவு செய்யவோ போகிறார்கள் என்றாலும் அப்படித்தான்.

நாங்கள் இப்போதைக்கு இரண்டு பட்டியலாகவே ஒட்டுகிறோம். பொங்கலுக்கு இரண்டு பக்கமிருந்தும் மும்மூன்று அணியை வரவழைத்து ஒன்பது ஆட்டம் வைக்கலாம் என்று பேச்சு, மைதானம் இன்னும் கிடைக்கவில்லை.